நாலு பிஸ்டன், ஒரு கிராங்க்: வெட்டுத்தோற்ற அனிமேஷனுக்கு எந்த வழியில் ப்ராம்ப்ட் எழுதுவது?

நான்கு சிலிண்டர் எஞ்சினை நெடுக்காக வெட்டிக் காட்டி, உள்ளே பிஸ்டன்கள் எப்படி முறைபோட்டு ஏறி இறங்குகின்றன என்று விளக்கும் எட்டு விநாடி அனிமேஷன் ஒன்று தேவை என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப்போவது டிப்ளமோ மாணவர்கள், ஐடிஐ மாணவர்கள், அப்புறம் வண்டி ஆர்வலர்கள். முன்பெல்லாம் இதற்கு ஒரு 3டி ஆளைப் பிடிக்க வேண்டும். இப்போது ப்ராம்ப்ட் எழுதியே முடித்துவிடலாம் என்கிறார்கள். முடிக்கலாம்தான். ஆனால் எதை எழுதவைக்க ப்ராம்ப்ட் போடுகிறோம் என்பதில் மூன்று பாதைகள் இருக்கின்றன. ஒன்று, வீடியோ மாடலிடம் வார்த்தையில் சொல்லி நேராக வீடியோ வாங்குவது. இரண்டு, சரியான படத்தை முதல் பிரேமாகக் கொடுத்து அதை அசையவைப்பது. மூன்று, அனிமேஷனை வரையும் நிரலை எழுதவைப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் அசைவது தெரியும் ஒவ்வொரு விநாடிக்கும் மூன்றாவது வழிதான். முதல் இரண்டும் வேறு இடத்தில் உதவும், அதற்கும் வருகிறேன்.

எடுத்துக்காட்டுக்குப் பலருக்கும் பழக்கமான ஒரு எஞ்சினை வைத்துப் பேசலாம். பழைய ஸ்விஃப்டில் இருந்த 1197 சிசி கே12. 73 மில்லிமீட்டர் போர், 71.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், பயரிங் ஆர்டர் 1-3-4-2. (2024இல் வந்த புது ஸ்விஃப்டில் மூன்று சிலிண்டர்தான், அதைப் பற்றி இங்கே பேசவில்லை.) கணக்கு எளிதாக இருக்க ஸ்ட்ரோக்கை 72 என்று வைத்துக்கொள்கிறேன், அதாவது கிராங்க் ஆரம் 36. கனெக்டிங் ராட் நீளத்தை ஆரத்தைப் போல மூன்றரை மடங்காக, 126 என்று எடுத்துக்கொள்கிறேன். சாதாரண கார் எஞ்சின்களில் இந்த விகிதம் பெரும்பாலும் மூன்றிலிருந்து நான்குக்குள் இருக்கும், அதனால் படம் நம்பும்படி வரும்.

ப்ராம்ப்டுக்கு முன்னால், எஞ்சின் உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் "பிஸ்டன்கள் வரிசையாக அசைய வேண்டும்" என்று எழுதினால் வருவது தவறான படம்தான். 1, 2, 3, 4 என்று ஒன்றன்பின் ஒன்றாக அலை போவதுபோல் அசைந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்த எஞ்சினில் அப்படி நடப்பதே இல்லை. கிராங்க் ஷாஃப்டில் 1ஆவது, 4ஆவது பின்கள் ஒரே பக்கம், 2ஆவது, 3ஆவது பின்கள் நேர் எதிர்ப்பக்கம். அதனால் 1ம் 4ம் எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும், 2ம் 3ம் எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும். ஒரு ஜோடி ஏறினால் மற்ற ஜோடி இறங்கும், சீசா பலகை மாதிரி. வரிசை என்பது அசைவில் இல்லை, எரிப்பில் இருக்கிறது: முதல் அரைச்சுற்றில் 1, அடுத்ததில் 3, பிறகு 4, பிறகு 2. இரண்டு முழுச் சுற்று, அதாவது 720 டிகிரி போனால்தான் ஒரு சைக்கிள் முடிகிறது.

முதல் அரைச்சுற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1 பவர் ஸ்ட்ரோக்கில் இறங்குகிறது. 4ம் கூடவே இறங்குகிறது, ஆனால் அது சக்ஷன். 3 கம்ப்ரஷனில் ஏறுகிறது, அடுத்து எரியப்போவது அதுதான். 2 எக்ஸாஸ்டில் ஏறுகிறது. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு பிஸ்டன்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் மாணவனுக்குப் புரியாமல் போகிற இடம், நம் அனிமேஷன் விளக்க வேண்டியதும் அதைத்தான். எனவே பிஸ்டன் உயரம், கிராங்க் கோணம், வால்வ், சிலிண்டர் நிறம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்த வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இந்தப் பொருத்தம்தான் அளவுகோல்.

வார்த்தையிலிருந்து நேராக வீடியோ

இதன் கவர்ச்சி எல்லோருக்கும் தெரியும். இரண்டு வரி எழுதினால் பளபளக்கும் அலுமினியம், எண்ணெய் மினுமினுப்பு, உள்ளே தீ எல்லாம் வந்துவிடும். கூகுளின் வியோ போன்றவை எட்டு விநாடி கிளிப் தருகின்றன, நமக்குத் தேவையான நீளமும் அதுதான்.

பிரச்சினை என்னவென்றால், இந்த மாடல்களுக்குள் கிராங்க் என்று ஒரு பொருளே கிடையாது. அடுத்த பிரேம் எப்படித் தெரிந்தால் இயல்பாக இருக்கும் என்றுதான் அவை பிக்சல்களை வரைகின்றன, "இந்த ராடின் கீழ் முனை அந்தப் பின்னில் மாட்டியிருக்கிறது, நீளம் மாறக் கூடாது" என்று எங்கும் குறித்துவைப்பதில்லை. அதனால் தவறுகளும் ஒரே மாதிரி வருகின்றன: பிஸ்டன் இறங்கும்போது ராட் ரப்பர்போல் சுருங்கும், கிராங்க் சுற்றாமல் திருகாணி மாதிரி பக்கவாட்டில் நகரும், ஆறாவது விநாடியில் எண்ணிப் பார்த்தால் ஐந்து சிலிண்டர் இருக்கும், எல்லா சிலிண்டரிலும் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் தீப்பொறி அடிக்கும். கடைசித் தவறுதான் ஆபத்தானது. மற்றவை கண்ணுக்கு உறுத்தும், இது உறுத்தாது. பார்ப்பவர் அப்படியே நம்பிவிடுவார், நாம் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை டூ ஸ்ட்ரோக் மாதிரி கற்றுக்கொடுத்திருப்போம்.

ப்ராம்ப்டை நீட்டினால் சரியாகுமா என்றால், ஓரளவுக்குத்தான். கேமரா அசையக் கூடாது, பக்கத்திலிருந்து நேர்ப்பார்வை, பின்னணி வெள்ளை, வெட்டிய முகம் சிவப்பு, நான்கு சிலிண்டர் மட்டும் என்று எழுதினால் தோற்றம் கட்டுப்படும். "1ம் 4ம் சேர்ந்து மேலே வரும்போது 2ம் 3ம் கீழே" என்று எழுதினால் சில நேரம் ஜோடி அசைவுகூட வரும். ஆனால் "1 பவரில் இருக்கும்போது 4 சக்ஷனில், 4இன் இன்டேக் வால்வ் மட்டும் திறந்திருக்க வேண்டும்" என்ற அளவுக்குப் போனால் வார்த்தை அங்கே வேலை செய்வதில்லை. மறுபடி ஓட்டினால் வேறொரு தவறு வரும், போன தடவை சரியாக இருந்தது இந்தத் தடவை கெட்டிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிரெடிட் வேறு கழிகிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "என்ஜின் வேகமாக ஓடுகிறது" என்று எழுதவே எழுதாதீர்கள். 720 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சின் விநாடிக்கு 12 சுற்று சுற்றும், 24 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமுக்கு 180 டிகிரி. அப்படியென்றால் உண்மையான எஞ்சினையே படம்பிடித்தாலும் பிஸ்டன் மேலே, கீழே, மேலே, கீழே என்று தாவுவதுதான் தெரியும். விளக்கப்படத்துக்கு எட்டு விநாடியில் 720 டிகிரி போதும். அது நிமிடத்துக்கு 15 சுற்று, ஒரு பிரேமுக்கு 3.75 டிகிரி. இந்தக் கணக்கு எல்லா வழிகளுக்கும் பொருந்தும்.

சரியான படத்தைக் கொடுத்து அசையவைப்பது

இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான வழி. முதல் பிரேமையும் கடைசிப் பிரேமையும் நாமே சரியாக வரைந்து கொடுத்துவிடுகிறோம், நடுவில் நிரப்புவது மட்டும் மாடலின் வேலை. சிலிண்டர் எண்ணிக்கை குழம்புவது வெகுவாகக் குறைகிறது, தோற்றமும் நம் கையில்.

ஆனால் நடுவில் நிரப்புவதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. முதல் பிரேமில் 0 டிகிரி, கடைசியில் 180 டிகிரி கொடுத்தால் கிராங்க் எந்தப் பக்கம் சுற்றி அங்கே போனது என்று படத்தில் தகவலே இல்லை. இரண்டு பக்கமும் சம தூரம். மாடல் ஏதோ ஒரு பக்கம் சுற்றும், இல்லையென்றால் சுற்றாமலே ஒரு படத்தை இன்னொரு படமாக உருக்கி மாற்றிவிடும். 0, 720 என்று கொடுத்தால் இரண்டும் ஒரே படம், ஒன்றுமே அசையாமல் எட்டு விநாடி கழிந்தாலும் மாடலைக் குறைசொல்ல முடியாது.

சரி, 90 டிகிரி துண்டுகளாக உடைப்போம் என்று தோன்றும். திசைக் குழப்பம் தீரும், ஆனால் எட்டுத் துண்டுகளை ஒட்ட வேண்டும், ஒவ்வொரு துண்டும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் பழக்கம் இந்த மாடல்களுக்கு உண்டு. கிராங்க் சீராகச் சுற்றும்போது பிஸ்டன் அதிக வேகத்தில் போவது மேல் உச்சத்திலிருந்து ஏறக்குறைய 75 டிகிரியில். நம் வீடியோவிலோ அது சரியாக 90இல் நின்று மூச்சுவாங்கும். வேகமாகக் கடக்க வேண்டிய இடத்தில் தயங்கி நிற்கும் பிஸ்டனை ஒரு மெக்கானிக் பார்த்தால் முதல் விநாடியிலேயே பிடித்துவிடுவார்.

அதோடு இன்னொரு கேள்வி. எட்டு இடத்திலும் சரியான பிரேம் வரைய உங்களால் முடியும் என்றால், அதை வரைந்த கருவியிலேயே 192 பிரேமும் எடுத்துவிடலாமே?

நிரலை எழுதவைப்பது

இங்கே ப்ராம்ப்டின் தன்மையே மாறுகிறது. முந்தைய இரண்டிலும் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதினோம். இங்கே எது எதைச் சார்ந்து அசைய வேண்டும் என்று எழுதுகிறோம். எஞ்சின் என்பதே சார்பு உறவுதான் என்பதால் இது இயல்பாகப் பொருந்துகிறது. மொத்த அனிமேஷனிலும் தன்னிச்சையாக மாறும் எண் ஒன்றே ஒன்று, கிராங்க் கோணம். மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்காக வர வேண்டும். இதை ப்ராம்ப்டின் முதல் வரியாக எழுதாவிட்டால், வருகிற நிரலில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனித்தனி சிஎஸ்எஸ் அனிமேஷன் போட்டு, மேலே கீழே ஆட்டி, கிராங்க்கைத் தனியாகச் சுற்றவிட்டிருக்கும். பார்க்கச் சரியாகத் தெரியும், இடைநிறுத்திப் பார்த்தால் ராடுக்கும் பின்னுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும்.

நான் எழுதுகிற ப்ராம்ப்ட் ஏறக்குறைய இப்படி இருக்கும். தட்டச்சு செய்வது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன்:

> இன்லைன் நான்கு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினின் வெட்டுத்தோற்றத்தை ஒரே எச்டிஎம்எல் கோப்பில், எஸ்விஜியாக வரையவும். மாறும் எண் ஒன்றே: கிராங்க் கோணம், 0 முதல் 720 வரை. பிஸ்டன், ராட், கிராங்க், வால்வ், நிறம் எல்லாம் அதிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். தனி டைமர் எதுவும் கூடாது. கிராங்க் ஆரம் 36, ராட் நீளம் 126. பயரிங் ஆர்டர் 1-3-4-2, ஒவ்வொரு எரிப்புக்கும் நடுவில் 180 டிகிரி. 0 டிகிரியில் 1ஆவது சிலிண்டர் மேல் உச்சத்தில், பவர் ஸ்ட்ரோக் தொடக்கத்தில். பிஸ்டன் உயரத்துக்கு ராட் நீளம் சேர்ந்த முழுச் சூத்திரத்தைப் பயன்படுத்தவும், வெறும் கொசைன் கூடாது. கோணத்தைக் கையால் நகர்த்த ஒரு ஸ்லைடர் வேண்டும். எல்லாக் கோணங்களிலும் ராடின் இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட்டு, மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் காட்டவும்.

கடைசி இரண்டு வரிகளும் அழகுக்காக இல்லை. ஸ்லைடர் இல்லாமல் சரிபார்க்க முடியாது. ராட் நீள வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம் என்று வரவில்லையென்றால் மேலே போகவே வேண்டாம், எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது. பெரும்பாலும் அது எஸ்விஜியின் குணத்தால் வருவது. அங்கே செங்குத்து அச்சு கீழ்நோக்கி வளரும், நாம் பள்ளியில் படித்த வரைபடத்துக்கு நேர் தலைகீழ். பிஸ்டனுக்கு ஒரு குறியும் கிராங்க் பின்னுக்கு வேறு குறியும் போட்டுவிட்டால், பின் கீழே இருக்கும்போது பிஸ்டன் மேலே நிற்கும்.

நடுவில் இருக்கும் கணக்கு உண்மையில் இவ்வளவுதான்:

```js
const r = 36, l = 126;
const offset = [0, 540, 180, 360]; // 1, 2, 3, 4

function cyl(i, theta) {
  const p = (theta - offset[i] + 720) % 720;
  const a = p * Math.PI / 180;
  const y = r * Math.cos(a)
          + Math.sqrt(l * l - (r * Math.sin(a)) ** 2);
  return { drop: r + l - y, stroke: Math.floor(p / 180) };
}
```

`drop` என்பது பிஸ்டன் மேல் உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது. `stroke` 0 என்றால் பவர், 1 எக்ஸாஸ்ட், 2 சக்ஷன், 3 கம்ப்ரஷன். நிரல் படிக்கத் தெரியாதவர்கள்கூட, வந்த நிரலில் `offset` போன்ற ஒரு வரிசையைத் தேடிப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் தவறு ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். அங்கே 0, 180, 360, 540 என்று வரிசையாக இருந்தால், அது 1-2-3-4 என்று எரியும் எஞ்சின். திரையில் 1ம் 3ம் ஜோடியாகவும் 2ம் 4ம் ஜோடியாகவும் ஆடும். 0, 90, 180, 270 என்று இருந்தால் அலை. எண்கள் சரியாக இருந்தும் எல்லா சிலிண்டரும் ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது என்றால், ஸ்ட்ரோக்கை 720க்குப் பதில் 360இல் வகுத்திருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஸ்லைடரை 90 டிகிரியில் நிறுத்துங்கள். நான்கு பிஸ்டன்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்தக் கோடு ஸ்ட்ரோக்கின் சரிபாதியில் இருக்கக் கூடாது, பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் எண்களுக்கு மேலிருந்து 41.25 மில்லிமீட்டர், பாதி என்பது 36. இந்த ஐந்து மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்றால், கிராங்க் பக்கவாட்டில் போகும்போது ராட் சாய்கிறது, சாய்ந்த ராடின் செங்குத்து உயரம் குறைகிறது, அந்த அளவுக்கு பிஸ்டன் கூடுதலாகக் கீழே இழுபடுகிறது. நான்கும் சரிபாதியில் நின்றால் நிரல் வெறும் கொசைனைப் பயன்படுத்தியிருக்கிறது, ராட் நீளத்தை எங்கோ ஏமாற்றியிருக்கிறது.

ஐந்து மில்லிமீட்டருக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். உங்கள் விளக்கம் பயரிங் ஆர்டரோடு முடிகிறது என்றால் விட்டுவிடலாம், யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் அடுத்த பகுதியில் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஏன் அதிர்கிறது, சிலவற்றில் பேலன்ஸ் ஷாஃப்ட் ஏன் வைக்கிறார்கள் என்று பேசப்போகிறீர்கள் என்றால், அந்த அதிர்வே இந்த ஐந்து மில்லிமீட்டரிலிருந்துதான் வருகிறது. நான்கு பிஸ்டன்களின் சராசரி உயரம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. வெறும் கொசைன் போட்ட படத்தில் அந்தச் சராசரி அசையவே அசையாது, நீங்கள் சொல்வதற்கும் காட்டுவதற்கும் ஒட்டாது.

எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது

நிரல் வழியில் போகிறவர்களும் சறுக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

எஞ்சினைப் பக்கவாட்டில் பார்த்தால் நான்கு சிலிண்டரும் வரிசையாகத் தெரியும். ஆனால் கிராங்க் சுற்றும் தளம் அப்போது நம் கண்ணுக்கு விளிம்பாகத்தான் தெரியும். பின்கள் நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதும் தெரியாது, வெறுமனே ஏறி இறங்குவதுபோல்தான் தெரியும். ராடுகள் சாய்வதும் தெரியாது, நேரான குச்சிகளாக நிற்கும், 90 டிகிரியில் நீளம் ஒரு நாலு சதவீதம் குறைந்ததுபோல் தோன்றும். அது தவறில்லை, நம் பக்கமோ எதிர்ப்பக்கமோ சாய்ந்த குச்சியை நேரே பார்த்தால் அப்படித்தான் தெரியும். எஞ்சினை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சுற்றலும் சாய்வும் தெளிவாகத் தெரியும், ஆனால் ஒரே ஒரு சிலிண்டர்தான் தெரியும், மற்ற மூன்றும் பின்னால் மறைந்துவிடும்.

ப்ராம்ப்டில் இதைச் சொல்லாவிட்டால் நிரல் ஒரு குறுக்குவழி எடுக்கும். நான்கு முன்பக்கத் தோற்றங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வட்டத்தைச் சுற்றவிடும். பல பாடப்புத்தகங்களிலும் இப்படித்தான் வரைகிறார்கள், பயரிங் ஆர்டரைச் சொல்ல அது போதும். ஆனால் அதில் கிராங்க் ஷாஃப்ட் என்று ஒரே பொருள் இல்லை, நான்கு தனி வட்டங்கள் இருக்கின்றன. "ஒரே தண்டில் எப்படி மாட்டியிருக்கிறது?" என்று பார்ப்பவர் கேட்டால் படத்தில் பதில் இல்லை.

எனவே இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். எரிப்பு வரிசை மட்டும் போதும் என்றால் எஸ்விஜி, நான்கு முன்தோற்றங்கள், ப்ராம்ப்டிலேயே "இது திட்டவரைபடம்" என்று சொல்லிவிடுவது. இது சீக்கிரம் முடியும். கிராங்க் ஷாஃப்டின் வடிவமும் புரிய வேண்டும், பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் பாதியாக வெட்டி வைத்திருக்கும் எஞ்சின் மாதிரி முழுசாகத் தெரிய வேண்டும் என்றால் 3டிதான், முக்கால் பக்கப் பார்வையில். அதற்கு நான் பிளெண்டருக்குப் பைதான் ஸ்கிரிப்ட் எழுதவைப்பேன்.

பிளெண்டர் ப்ராம்ப்டில் மேலே சொன்ன எல்லாமும் இருக்கும், கூடுதலாகச் சில வரிகள். கிராங்க் ஒரே பொருளாக இருக்க வேண்டும், 1, 4 பின்கள் ஒரு பக்கம், 2, 3 எதிர்ப்பக்கம். ராடின் கீழ் முனை பின்னில் உட்கார வேண்டும், மேல் முனை எப்போதும் பிஸ்டன் பின்னைப் பார்க்க வேண்டும். பிளாக்கையும் ஹெட்டையும் மட்டும் வெட்ட வேண்டும், பிஸ்டன், ராட், கிராங்க்கை வெட்டக் கூடாது. வெட்டிய முகத்துக்குத் தனியாகச் சிவப்பு. இதைச் சொல்லாவிட்டால் வெட்டும் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி, பாதிப் பிஸ்டனைப் பாதி ராட் தள்ளிக்கொண்டிருக்கும்.

பிறகு கீஃப்ரேம். 1ஆவது பிரேமில் 0 டிகிரி, 193ஆவதில் 720, ரெண்டர் செய்வது 1 முதல் 192 வரை. 193ஐயும் சேர்த்தால் லூப்பில் ஒரே படம் இரண்டு முறை வந்து சின்னத் தடுமாற்றம் தெரியும். பிளெண்டர் வழக்கமாகக் கீஃப்ரேம்களுக்கு நடுவில் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் வளைவைப் போடும், அதனால் "நேர்கோட்டு இடைக்கணிப்பு" என்று ப்ராம்ப்டில் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எஞ்சின் எட்டு விநாடிக்கு ஒரு முறை நின்று கிளம்பும்.

வால்வைப் பற்றிச் சுருக்கமாக. கேம்ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்ற வேண்டும், இது பேரம் பேசக் கூடாத விஷயம். உண்மையான எஞ்சினில் இன்டேக் வால்வ் மேல் உச்சத்துக்குச் சற்று முன்பே திறந்து, கீழ் உச்சத்துக்குப் பிறகுதான் மூடும். முதல் முறை பார்ப்பவருக்கு அதைக் காட்டினால் குழப்பம்தான், சக்ஷனில் இன்டேக், எக்ஸாஸ்டில் எக்ஸாஸ்ட் என்று சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் என் தேர்வு.

இரண்டையும் கலப்பது

பிளெண்டரில் வெறும் சாம்பல் நிறத்தில் ரெண்டர் செய்து, அதை வீடியோ மாடலுக்குக் கொடுத்து உலோகப் பளபளப்பு ஏற்றச் சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் மாற்றத்தின் அளவைக் குறைவாக வைத்தால் பளபளப்பு வராது, கூட்டினால் பிஸ்டன் ரிங் எண்ணிக்கை பிரேமுக்குப் பிரேம் மாறும். அந்த நேரத்தில் பிளெண்டரிலேயே இரண்டு விளக்கு கூடுதலாக வைத்து நல்ல மெட்டீரியல் போட்டுவிடலாம். எனக்கு இதில் லாபம் தெரியவில்லை.

வீடியோ மாடல் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விளக்கத்தின் தொடக்கத்தில் வரும் மூன்று நான்கு விநாடி, கேமரா எஞ்சினைச் சுற்றி மெதுவாக உள்ளே போகும் ஷாட். அதற்கு பிளெண்டரில் எடுத்த 0 டிகிரி படத்தையே முதல் பிரேமாகக் கொடுத்து, "எஞ்சின் பாகங்கள் எதுவும் அசையக் கூடாது, கேமரா மட்டும் நகர வேண்டும்" என்று எழுதுங்கள். அசையாத எஞ்சினில் தவறு செய்ய மாடலுக்கு வாய்ப்புக் குறைவு, தூசியும் ஒளியும் அழகாக வரும். கேமரா நின்றதும் நிரலில் எடுத்த அனிமேஷனுக்கு வெட்டிவிட்டால், இரண்டும் ஒரே எஞ்சின் என்பதால் உறுத்தாது.

வேறு எஞ்சினுக்கு மாற்றும்போதும் நிரல் வழிதான் கைகொடுக்கும். மூன்று சிலிண்டர் வேண்டுமா, `offset` வரிசையை 240 டிகிரி இடைவெளிக்கு மாற்றினால் போதும், அங்கே பிஸ்டன்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோலவே போகும். யமஹா ஆர்1இல் 2009 முதல் இருக்கும் கிராஸ்பிளேன் கிராங்க் வேண்டுமா, எரிப்பு இடைவெளி 270, 180, 90, 180 என்று ஆகும். அதையும் நான்கு எண்களில் முடித்துவிடலாம். இதையே வீடியோ மாடலிடம் வார்த்தையில் கேட்டுப் பாருங்கள்!

கடைசியாக எழுத்து. சிலிண்டர் எண், "பவர்", "எக்ஸாஸ்ட்" போன்ற தமிழ் லேபிள்களை வீடியோ மாடலை எழுதச் சொல்லவே வேண்டாம், ஒற்றைக்கொம்பும் புள்ளியும் இடம் மாறி எந்த மொழி என்றே தெரியாதபடி வரும். எஸ்விஜியில் எழுதினால் பிரவுசர் தமிழைச் சரியாகக் கோக்கும், நிறம் மாறும்போது லேபிளும் `stroke` எண்ணைப் பார்த்துத் தானே மாறும். 3டி வழியில் போனால் லேபிள்களை எடிட்டிங்கில் மேலே ஒட்டிக்கொள்ளுங்கள், 48 பிரேமுக்கு ஒரு முறை ஸ்ட்ரோக் மாறுகிறது என்பதால் இடம் கண்டுபிடிப்பது எளிது. எஸ்விஜியை வீடியோவாக எடுக்கும்போது திரையை ரெக்கார்ட் செய்யாமல், கோணத்தை 3.75 டிகிரியாக ஏற்றி ஒவ்வொரு பிரேமையும் படமாகச் சேமிக்கும்படி அதே ப்ராம்ப்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரெக்கார்டிங்கில் பிரேம் விட்டுப்போனால் கிராங்க் அங்கங்கே துள்ளும், சேமித்த 192 படங்களில் அந்தப் பிரச்சினை இல்லை.